செம்புக் கம்பியும் ஐந்து நாள் கணக்கும்



தோட்டத்து மருந்தகத்தில் நான் ஆண் ஆள். அதனால் பெண்கள் சில விஷயங்களை என்னிடம் நேரே சொல்ல மாட்டார்கள். என் மனைவியிடம் சொல்லி அனுப்புவார்கள். அப்படித்தான் ஒரு வியாழக்கிழமை காலை, பால்வெட்டுக்குப் போகும் முன்னே ஒரு தங்கை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மூன்று பிள்ளைகளுக்குத் தாய். கடைசிப் பிள்ளைக்கு இரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமை இரவு ஆணுறை கிழிந்துவிட்டதாம். "திங்கக்கிழமையே வரணும்னுதான் நெனச்சேன் ஐயா, வெக்கமா இருந்துச்சு. மருந்துக் கடையில கேட்டேன், மூணு நாள் தாண்டிப் போச்சு, இனி ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டாங்க" என்றாள்.

கடைக்காரர் சொன்னது மாத்திரையைப் பற்றி. ஆனால் ஒன்றும் செய்ய முடியாது என்பது சரியல்ல. இன்னும் ஒரு வழி இருந்தது. 'காப்பர் டி' என்ற செம்பு வளையத்தை உறவு நடந்த ஐந்து நாளுக்குள், அதாவது 120 மணி நேரத்துக்குள், கருப்பையில் வைத்துவிட்டால் கரு தங்காது. நூறில் தொண்ணூற்றொன்பது பேருக்கும் மேல் இது பலிக்கிறது. வேறு எந்த அவசர மாத்திரைக்கும் இவ்வளவு பலன் கிடையாது. இது நம்மில் பலருக்குத் தெரியாது என்பதால்தான் இந்த மாதம் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தச் சாமான் என்ன என்று பார்ப்போம். வயதான அம்மாமார்கள் 'லூப்' என்று சொல்லுவார்களே, அது 1960களில் வந்த வெறும் பிளாஸ்டிக் சுருள், செம்பு கிடையாது. இப்போது வைப்பது ஆங்கில எழுத்து T போன்ற சின்ன பிளாஸ்டிக். நீளம் 36 மில்லிமீட்டர், அகலம் 32 மில்லிமீட்டர். ஒரு தீக்குச்சியைவிடக் குட்டை. தண்டில் மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருக்கும். இரண்டு கைகளிலும் செம்பு உறை இருக்கும். வெளியே தெரியும் செம்பு மொத்தம் 380 சதுர மில்லிமீட்டர், ஒரு சிறிய தபால் தலை அளவு. அடியில் இரண்டு நூல்கள் தொங்கும்.

பிளாஸ்டிக்கோடு ஏன் செம்பைச் சேர்த்தார்கள்? சிலி நாட்டு டாக்டர் ஹைமே சிப்பர் முயல்களை வைத்து ஒரு சோதனை செய்து 1969-இல் வெளியிட்டார். முயலின் கருப்பைக்கு இரண்டு கிளைகள் உண்டு. ஒரு கிளையில் செம்புக் கம்பியை வைத்து, மறு கிளையைச் சும்மா விட்டுப் பார்த்தார். செம்பு இருந்த பக்கம் கரு தங்குவது அநேகமாக நின்றுபோயிற்று. சும்மா விட்ட பக்கம் வழக்கம்போல் தங்கியது. அதன் பிறகுதான் டாக்டர் ஹோவர்ட் டேட்டம் அமைத்த T வடிவத்தில் செம்பைச் சுற்றினார்கள்.

கருப்பைக்குள் போன செம்பு சும்மா இருப்பதில்லை. நம் வீட்டுச் செம்புக் குடத்தில் புளி பட்டால் செம்பு கரைந்து தண்ணீரில் இறங்குகிற மாதிரி, இங்கேயும் தினம் தினம் மிகச் சிறிதளவு கரைந்து கருப்பையின் ஈரத்தில் கலக்கிறது. கரைந்த செம்பு விந்தணுவுக்கு விஷம். அதன் வால் ஓட்டம் குறைந்துபோகும். முட்டையைத் துளைக்கும் சக்தியும் போய்விடும். கூடவே கருப்பையின் உள்தோல், 'இது நம்முடையது அல்ல' என்று உணர்ந்து வெள்ளை அணுக்களை அங்கே கூட்டுகிறது. இது சீழ் வைக்கிற நோய் அல்ல. உடம்பு காவல் போடுகிற மாதிரி. இந்தக் காவலில் மாட்டிக்கொண்டு விந்தணுக்கள் செத்துப்போகும். ஆகவே வளையம் போட்டிருக்கும் பெண்ணுக்குப் பெரும்பாலும் முட்டையும் விந்தும் சேருவதே இல்லை. ஹார்மோன் எதுவும் இல்லாததால் மாதவிலக்கு மாதா மாதம் வரும். முட்டையும் வழக்கம்போல் வெளிவரும்.

இப்போது அந்தத் தங்கையின் கணக்குக்கு வருகிறேன். அவளுக்கு விலக்கு ஒழுங்காக 28 நாளுக்கு ஒரு முறை வரும். கடைசி விலக்கு ஒரு செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தது. அதை முதல் நாள் என்று வைத்து எண்ணினால், உறவு நடந்த ஞாயிறு 13-ஆம் நாள். 28 நாள் சுற்றுள்ள பெண்ணுக்கு முட்டை 14-ஆம் நாள் வாக்கில் வெளிவரும். அவள் என்னிடம் வந்த வியாழக்கிழமை 17-ஆம் நாள்.

அவசர மாத்திரை என்ன செய்கிறது? முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். முட்டை ஏற்கெனவே வெளிவந்துவிட்டால் மாத்திரைக்கு அங்கே வேலை இல்லை. அவளுக்கு அநேகமாக அப்படித்தான் ஆகியிருக்கும். செம்பு அப்படி முட்டைக்காகக் காத்திருப்பதில்லை. மிச்சமிருக்கும் விந்தணுக்களைக் கொல்கிறது, முட்டையையும் கெடுக்கிறது. ஒருவேளை இரண்டும் முன்பே சேர்ந்திருந்தாலும், அந்தக் கரு குழாயிலிருந்து இறங்கி வருவதற்குள் கருப்பையின் உள்தோலை ஒட்டவிடாமல் செய்துவிடுகிறது.

அது இறங்கி ஒட்டுவதற்கு முட்டை வெளிவந்த நாளிலிருந்து குறைந்தது ஆறு நாளாவது ஆகும். ஐந்து நாள் என்ற கெடு அங்கிருந்துதான் வந்தது. இவளுக்கு முட்டை 14-ஆம் நாள் திங்களன்று வந்தது என்று வைத்தாலும், கரு ஒட்டத் தொடங்குவது ஞாயிற்றுக்கிழமைக்கு முன் ஆகாது. உறவிலிருந்து எண்ணினால் வெள்ளிக்கிழமை இரவு வரை நேரம் இருக்கிறது. எந்த வழியில் எண்ணினாலும் கையில் ஒரு முழு நாள் இருந்தது.

"அப்படின்னா இது கலைக்கிறது ஆகாதா ஐயா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. மருத்துவத்தில், கருப்பையில் ஒட்டிய பிறகுதான் கர்ப்பம் என்று சொல்வார்கள். ஒட்டிய கருவை வளையம் கலைக்காது. கர்ப்பம் என்று தெரிந்தால் வளையம் வைக்கவும் மாட்டார்கள். சேர்ந்த முட்டையே உயிர் என்று மனதார நம்புகிறவர்கள் மேலே நான் சொன்னதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்ய வேண்டும். மறைத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவளைப் பட்டணத்துக் கிளினிக்குக்கு அனுப்பினேன். முதல் நாளே போன் செய்து, வளையம் வைக்கப் பழகிய டாக்டர் அன்று இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டேன். இது முக்கியம். எல்லாக் கிளினிக்கிலும் எல்லா நாளும் இது நடக்காது. பெயர் கொடுக்கும்போதே "ஐ.யு.டி. வைக்க வந்தேன், இத்தனை நாள் ஆச்சு" என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த வாரத்துக்குத் தேதி கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

அங்கே நடப்பது இதுதான். முதலில் விவரம் கேட்பார்கள், சிறுநீர் பார்ப்பார்கள். காரணம் தெரியாத ரத்தப்போக்கு, அடிவயிற்றில் கிருமி நோய், கருப்பை வாயில் புற்று, இவை இருந்தால் வைப்பதில்லை. பிறகு கட்டிலில் முழங்காலை மடக்கிப் படுக்கச் சொல்வார்கள். டாக்டர் கையால் வயிற்றை அமுக்கி, கருப்பை முன்பக்கம் சாய்ந்திருக்கிறதா பின்பக்கமா என்று பார்ப்பார். வாத்து மூக்கு மாதிரி ஒரு கருவியை உள்ளே விட்டு, கருப்பை வாயை மருந்தால் துடைப்பார். ஓர் இடுக்கியால் அந்த வாயைப் பிடிக்கும்போது சுருக்கென்று வலிக்கும். அடுத்து மெல்லிய கம்பியால் கருப்பையின் ஆழத்தை அளப்பார். சாதாரணமாக 6-இலிருந்து 9 சென்டிமீட்டர் இருக்கும். அப்போது விலக்கு வலி மாதிரி இறுக்கிப் பிடிக்கும். அளவு தெரிந்த பிறகு, கைகளை மடக்கிய வளையத்தை ஒரு மெல்லிய குழாய்க்குள் வைத்து அந்த ஆழம் வரை கொண்டுபோய், குழாயை மட்டும் பின்னுக்கு இழுப்பார். உள்ளே T விரிந்துகொள்ளும். நூலை மூன்று சென்டிமீட்டர் விட்டு வெட்டிவிடுவார். எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம்.

சிலருக்கு எழுந்ததும் தலை சுற்றும், வேர்க்கும். கொஞ்ச நேரம் படுத்திருந்தால் சரியாகிவிடும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். துணைக்கு ஓர் ஆளைக் கூட்டிப் போங்கள். அன்றைக்கே மரம் வெட்டப் போவதும் வேண்டாம்.

வைத்த பிறகு வரக்கூடிய தொல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். இருபது பெண்களில் ஒருவருக்கு வளையம் தானாக நழுவி வெளியே வந்துவிடும், அதுவும் பெரும்பாலும் முதல் சில மாதங்களில், விலக்கு நாட்களில். அதனால் ஒவ்வொரு விலக்கு முடிந்ததும் சுத்தமான விரலால் நூலைத் தொட்டுப் பாருங்கள். நூல் கையில் படவில்லை, அல்லது கெட்டியாக பிளாஸ்டிக் இடிக்கிறது என்றால் கிளினிக்குக்குப் போக வேண்டும்; அதுவரை உறை போட்டுக்கொள்ளுங்கள். நூலை இழுக்காதீர்கள். வைக்கும்போது கருப்பைச் சுவரில் துளை விழுவது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு நடக்கிறது. பால் கொடுக்கும் தாய்க்கு அது சற்று அதிகம், அதனால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முதல் மூன்று வாரத்தில் காய்ச்சல், அடிவயிற்று வலி, நாற்றமுள்ள வெள்ளை, இவை சேர்ந்து வந்தால் அன்றே வாருங்கள். வளையம் இருந்தும் விலக்கு தள்ளிப்போனால் அதையும் சாதாரணமாக விடாதீர்கள். அபூர்வமாகக் கர்ப்பம் ஆகும்போது அது கருக்குழாயில் தங்கியிருக்கலாம். அது உயிருக்கு ஆபத்து.

வளையம் மேலே ஏறி நெஞ்சுக்குப் போய்விடும், உறவின்போது ஆம்பளைக்குக் குத்தும் என்றெல்லாம் பேசுகிறார்கள். நெஞ்சுக்குப் போக வழியே இல்லை. நூல் குத்துவது உண்மையாகவே சிலருக்கு உண்டு. குட்டையாக வெட்டிய நூல்தான் முள் மாதிரி நிற்கும். டாக்டர் அதைச் சரி செய்துவிடுவார். மேகநோய், எச்.ஐ.வி. போன்றவற்றை மட்டும் வளையம் தடுக்காது, அதற்கு உறைதான்.

எனக்கு உண்மையான கவலை ரத்தப்போக்குதான். முதல் மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை விலக்கு அதிகமாகவும் நீண்டும் போகும். வெயிலில் ஏறி இறங்கி வேலை செய்கிற, ஏற்கெனவே ரத்தம் குறைந்த பெண்ணுக்கு இது சின்ன விஷயமல்ல. அதனால் வைப்பதற்கு முன் நான் ரத்தம் குத்திப் பார்ப்பேன். குறைவாக இருந்தால் இரும்புச்சத்து மாத்திரையைத் தொடங்கிவிடுவேன்; அவசரத்துக்கு வைப்பதை அதற்காக நிறுத்துவதில்லை. வலிக்கும் போக்குக்கும் ஐபுரூஃபன் உதவும், வயிற்றுப் புண் உள்ளவர்களுக்கு ஆகாது.

அந்தத் தங்கைக்கு மூன்று வாரம் கழித்துச் சிறுநீர் பார்த்தோம், கர்ப்பம் இல்லை. விலக்கு இரண்டு நாள் பிந்தி வந்து ஏழு நாள் போயிற்று. மூன்றாம் மாதத்தில் ரத்தம் 11-இலிருந்து 10-க்கு இறங்கியது. இரும்பு மாத்திரை கொடுத்து வருகிறேன். "எடுத்துடலாமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். அவசரத்துக்கு வைத்த அதே வளையம் பத்து வருடம் உழைக்கும். நடுவில் பிள்ளை வேண்டுமென்றால் நூலைப் பிடித்து டாக்டர் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார். ஆறாம் மாதம் மறுபடியும் ரத்தம் குத்திப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறேன்.