கண்ணாடிக்குள் மறைந்த கண்

நம்மவர் வீடுகளின் முன்மண்டபச் சுவர்களிலே மாலையிட்டு மாட்டப்பெற்றிருக்கும் முன்னோர் படங்களை உற்று நோக்குவோர் ஒன்றைக் காண்பர். மூக்குக்கண்ணாடி அணிந்த பெரியோர் பலருடைய படங்களிலே, கண் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைத் திட்டு ஒன்று பளபளத்துக்கொண்டிருக்கும். முகம் இருக்கிறது, பார்வை இல்லை. முப்பத்தோராம் நாள் நினைவுமலருக்குப் படம் தேடும்போதுதான் பெரும்பாலும் இக்குறை வீட்டாரின் கண்ணிற் படுகிறது. கிடைத்ததோ அந்த ஒரு படம். அதிலே கண்ணைக் காணோம். இதற்கு என்ன செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பதே ஈண்டு நாம் ஆராயப்புகும் பொருள்.

கண்ணாடி வில்லை ஒரு மெல்லிய முகம்பார்க்கும் கண்ணாடியே. அதன்மேல் விழும் ஒளியிற் பெரும்பகுதி ஊடுருவிச் செல்ல, ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்கு இரு பக்கங்களிலும் பட்டுத் திரும்புகிறது. எட்டுப் பங்கு சிறிதெனத் தோன்றலாம். ஆனால் கமராவின் பிளாஷ் விளக்கு முகத்தைக் காட்டிலும் பன்மடங்கு பிரகாசமானது. ஆகவே அதன் சிறு பங்கும் கண்ணை மூடிவிடப் போதுமானது.

இவ்வொளி இரு வகையாகத் தீங்கு செய்கிறது. ஒன்று, மெல்லிய திரைபோற் படர்வது. அதனூடே இமையும் கருமணியும் மங்கலாகத் தெரியும். மற்றது, முற்றும் வெண்மையாகி யாதொன்றும் எஞ்சாதது. முன்னதை நீக்கலாம், பின்னதை நீக்க இயலாது, வேறு கண்ணை வைத்து நிரப்பவே இயலும். இவ்வேறுபாட்டை அறியாதவர் செய்யும் திருத்தம் முகத்தையே மாற்றிவிடும்.

தம்பலகாமத்திலே நான் அருகிருந்து கண்ட ஒரு சம்பவத்தைக் கூறுகிறேன். எங்கள் வயல்வெளிகளிலே நீண்டகாலம் வட்டவிதானையாக இருந்த முதியவர் ஒருவர் காலமானார். பேத்தியின் திருமணத்தில் எடுத்த அஞ்சலட்டையளவுப் படம் ஒன்றே வீட்டாருக்குப் பிடித்திருந்தது. அதிலே அவர் தலையைச் சற்றே தம் வலப்புறம் திருப்பி, கண்களால் மட்டும் கமராவை நோக்கியிருந்தார். வலக்கண் மீது சாளர வெளிச்சம் திரையிட்டிருந்தது. இடக்கண்ணோ பிளாஷ் ஒளியில் முழுவதும் மறைந்துவிட்டது.

படத்தை ஏற்ற ஸ்டூடியோக்காரர் இளைஞர். அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவிலே அதனைக் கணினியில் ஏற்றினார். வலக்கண்ணின் திரையை அவர் நீக்கிய முறை நேர்த்தியானது. திரை என்பது படத்தின்மேற் கூட்டப்பட்ட வெளிச்சம். கூட்டியதைக் கழித்தால் அடியிலுள்ளது வெளிப்படும். எவ்வளவு கழிப்பது? கண்ணாடிக்கு வெளியே உள்ள புருவத்தின் கருமை எத்தகையது என்று பார்த்து, திரைக்குள்ளிருக்கும் கருமணியும் அதே கருமையை எய்தும்வரை கழித்தார். பின்னர் திரையின் நீலச்சாயலை அகற்றித் தோலின் நிறத்தைச் சரிசெய்தார்.

இடக்கண்ணுக்கு அவர் எளிய வழியொன்றைக் கையாண்டார். திருத்திய வலக்கண்ணைப் பிரதியெடுத்து, இடம்வலமாகத் திருப்பி, இடக்கண் இருந்த இடத்திற் பொருத்தினார். பார்வைக்கு வேலை சுத்தமாகவே இருந்தது. ஆனால் முதியவரின் மனைவியார் படத்தைக் கையில் வாங்கிச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, கண் அவற்றைதான், பார்வை அவற்றை இல்லை” என்றார்.

அம்மையார் கூறியதிலே உண்மை இருந்தது. தலை வலப்புறம் திரும்பியிருக்கக் கமராவை நோக்கும் ஒருவருடைய கருமணிகள் இரண்டும் அவருடைய இடப்புறமாகவே ஒதுங்கியிருக்கும். அதாவது வலக்கண்ணின் கருமணி மூக்கை நோக்கியும், இடக்கண்ணின் கருமணி காதை நோக்கியும் நகர்ந்திருக்கும். வலக்கண்ணைத் திருப்பி இடப்புறம் வைத்தபோது இரு கருமணிகளும் மூக்கை நோக்கிவிட்டன. மாறுகண் இல்லாதவருக்கு மாறுகண் வந்துவிட்டது! அன்றியும் அவருடைய இடது இமை இயல்பாகவே சற்றுத் தாழ்ந்திருக்குமாம். எவருடைய முகமும் இருபுறமும் ஒத்ததன்று.

கண்ணாடியையே முழுவதும் எடுத்துவிட்டால் என்ன என்று மகன் கேட்டார். அதுவும் நினைப்பதுபோல் எளிதன்று. கிட்டப்பார்வைக்குரிய வில்லை தன் பின்னாலுள்ள அனைத்தையும் சிறிதாக்கிக் காட்டும். கன்னத்தின் ஓரம் வில்லைக்குள்ளே சற்று உள்வாங்கித் தெரியும். சட்டத்தை மட்டும் அழித்தால் கன்னத்தின் கோடு ஓரிடத்தில் முறிந்து நிற்கும். கண்ணும் முகத்துக்குச் சிறிதாகிவிடும். வெள்ளெழுத்துக் கண்ணாடியாயின் இதற்கு நேர்மாறு. இவற்றையெல்லாம் சரிசெய்தாலும், முப்பது ஆண்டுகள் கண்ணாடியோடு கண்ட தாத்தாவைப் பேரப்பிள்ளைகள் இன்னாரென்று அறிவார்களா?

எனவே திருமணத் தொகுப்பிலே வேறு படம் தேடினார்கள். உறவினரோடு நின்ற கூட்டப் படமொன்று அகப்பட்டது. அதே நாள், அதே கண்ணாடி, அதே பக்கம் திரும்பிய தலை. முகத்தைச் சற்றுத் தாழ்த்தியிருந்தமையால் ஒளி கீழ்நோக்கிப் போய்விட, கண் தெளிவாகத் தெரிந்தது. கண்ணாடியும் அதுவே ஆகையால் வில்லையின் சிறிதாக்கும் அளவும் ஒத்திருந்தது. முகம் பாதியளவே இருந்தபடியால் இடக்கண்ணை இருமடங்கு பெரிதாக்கினார். அதைப் பாதி ஒளிபுகும் படலமாக மேலே வைத்து, முதலிற் கண்ணின் இரு முனைகளையும், அடுத்துப் புருவத்தையும் பொருத்தினார். கருமணியைக் கொண்டு பொருத்தினால் வழுவும். அது அசையும் பொருள், கண்முனைகளோ அசையா. கண்ணாடிச் சட்டத்தைப் பழைய படத்தில் இருந்தவாறே விட்டார். பெரிதாக்கிய பகுதி மழமழவென்று தனித்துத் தெரிந்தபடியால், ஏனைய பகுதிகளிலுள்ள மணல்போன்ற பொடிப்புள்ளிகளை அங்கும் தூவினார். இறுதியிற் படத்தைத் தலைகீழாக்கிப் பார்த்தார். முகம் என்ற பழக்கம் அப்போது மறைந்துவிடுவதால் ஒட்டுவேலையின் விளிம்புகள் எளிதிற் புலப்படும்.

அம்மையார் இம்முறை ஒன்றும் சொல்லவில்லை. படத்தை வாங்கிச் சேலைத்தலைப்பால் ஒருமுறை துடைத்தார், அவ்வளவுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நினைவுப் படத்திற்கு ஏற்ற இவ்வேலை அடையாளப் படத்திற்கு ஏற்றதன்று. அமெரிக்கா 2016 நவம்பர் 1 முதல் விசாப் படங்களிலே கண்ணாடி அணியலாகாது என விதித்துள்ளது. கணினியால் முகத்தைத் திருத்திய படத்தையும் ஏற்பதில்லை. அங்கே கண்ணாடியைக் கையாற் கழற்றுவதே வழி.

வருமுன் காப்பது இவை அனைத்தினும் எளிது. வீட்டுப் பெரியவரைச் சாளரத்துக்குப் பக்கவாட்டில் அமர்த்துங்கள், பிளாஷை நிறுத்திவிடுங்கள். கண்ணாடியின் காதுத்தண்டுகளைக் காதுக்குமேல் சிறிதளவு உயர்த்திவிட்டால் வில்லைகள் கீழ்நோக்கிச் சாயும். வில்லை ஐந்து பாகை சாய்ந்தால் திரும்பும் ஒளி பத்துப் பாகை விலகிச் செல்லும் என்பது கண்ணாடியின் இயல்பு. மேலும் சாய்த்தால் சட்டம் கண்ணை மறைக்கும், அவ்வளவோடு நிறுத்துக. பிறகு அவரை அசையாதிருக்கச் சொல்லி, கண்ணாடியைக் கழற்றி அதே இருக்கையிலே மற்றொரு படமும் எடுத்து வையுங்கள். முதற்படத்திலே எங்கேனும் ஒளி பட்டிருப்பினும், அந்த இடத்திற்கு வேண்டிய கண் இரண்டாவது படத்திலே அவருடையதாகவே இருக்கும். சற்றுச் சிறிதாக்கியோ பெரிதாக்கியோ வைத்துக்கொள்ளலாம்.