கண்ணுக்குத் தப்பும் அலைத் தாமதம்

வளர்ப்புத் தட்டின் அடியில் ஒட்டிப் பரவியிருக்கும் உயிருள்ள செல் ஒன்றைச் சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தால், ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது. செல் ஒளியை விழுங்குவதில்லை; உள்ளே வந்த அளவு ஒளி வெளியே போய்விடுகிறது. சாயம் ஏற்றினால் தெரியும். ஆனால் வழக்கமான சாய முறைகளில் செல் முதலிலேயே இறந்துவிடுகிறது.

செல்லைக் கடக்கும் ஒளியில் ஒரு மாற்றம் நிகழத்தான் செய்கிறது. செல்லின் உட்பொருள் சுற்றியுள்ள திரவத்தைவிடச் சற்று அடர்த்தியானது. அதனால் ஒளி அலை அங்கே கொஞ்சம் தாமதப்படுகிறது. செல்லின் மெல்லிய ஓரம் 1 மைக்ரோமீட்டர் தடிமன், ஒளிவிலகல் எண் வேறுபாடு 0.02 என்று வைத்துக்கொள்வோம். தாமதம் 20 நானோமீட்டர், அதாவது பச்சை ஒளியின் அலைநீளத்தில் 27-இல் ஒரு பங்கு. கண்ணுக்கும் கேமராவுக்கும் ஒளியின் அளவுதான் தெரியும். இந்தத் தாமதம் தெரியாது.

நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஃபிரிட்ஸ் ஸெர்னிக்கே 1930-களின் தொடக்கத்தில் இதற்கு வழி கண்டார். செல்லைக் கடந்த ஒளியை அவர் இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்: திசைமாறாமல் நேரே வந்த ஒளி, செல்லால் சிதறிய வலுக்குறைந்த ஒளி. சிதறிய அலை நேர் அலையைவிடக் கால் அலை பின்தங்கியிருக்கும். அந்த நிலையில் இரண்டும் சேர்ந்தால் வெளிச்சம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. செல் மறைந்துபோவதற்குக் காரணம் இதுதான்.

நேர் ஒளியை மட்டும் இன்னொரு கால் அலை முன்னே தள்ளிவிட்டால்? இடைவெளி அரை அலை ஆகிறது. ஒன்று மற்றொன்றை அழிக்கிறது. இதற்காகக் கண்டென்சரில் வளைய வடிவத் துளை வைக்கிறார்கள். நேர் ஒளி அந்த வளையமாகவே போய், பொருளருகு லென்ஸுக்குள் இருக்கும் இன்னொரு வளையத்தில் விழுகிறது. சிதறிய ஒளி பெரும்பாலும் அதற்கு வெளியே பரவிப் போகிறது. வளையம் நேர் ஒளியை முன்தள்ளுவதோடு மங்கவும் வைக்கிறது. நம் 20 நானோமீட்டர் ஓரத்தை முன்தள்ளினாலே அது பின்னணியைவிடச் சுமார் 40 சதவீதம் இருளும்; நேர் ஒளியைக் கால் பங்காக மங்கவைத்தால், சுமார் 70 சதவீதம். இரண்டாவது யோசனை முதலாவதைப்போலவே அழகானது என்பேன். 1953-இல் ஸெர்னிக்கே நோபல் பரிசு பெற்றார்.

இரு வளையங்களும் சரியாகப் பொருந்த வேண்டும். விலகியிருந்தால் படம் தட்டையாகிச் சாதாரண நுண்ணோக்கிப் படம்போல் ஆகிவிடும். கண்லென்ஸை எடுத்துவிட்டுச் சிறு தொலைநோக்கி வைத்துப் பார்த்தால் வளையங்களே தெரியும். திருகுகளைத் திருப்பி ஒன்றன்மேல் ஒன்றைப் பொருத்தலாம்.

பொருத்தினாலும் ஒரு குறை போகாது. சிதறிய ஒளியிலும் கொஞ்சம் வளையத்தின் வழியே போவதால், செல்லைச் சுற்றி வெண்ணிற ஒளிவட்டம் விழுகிறது. அதைச் செல்லின் பகுதி என்று எண்ணக் கூடாது. தடித்த செல்லில் தாமதம் மிகுந்து கணக்கே மாறிவிடும். உருண்டு திரண்ட செல் இருளாமல் பளிச்சென்று மின்னும். பிரியப்போகும் செல்லும் உருளும், சாகும் செல்லும் உருளும். எது எதுவென்று அறிய, சற்று நேரம் கழித்து அதே இடத்தை மறுபடி பார்க்க வேண்டும்: பிரிந்திருந்தால் அங்கே இரண்டு செல்கள் மீண்டும் தட்டில் ஒட்டிப் பரவிக்கொண்டிருக்கும்.