ஆறு ஆண்டுக் கணக்கு

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து நடக்கும் பெற்றோர் கூட்டத்தில் உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர் பேச எழும்போது, பலர் மனத்தில் இருப்பது ஒரே கேள்வி: பதினொன்றாம் வகுப்பில் பயாலஜி குரூப்பா, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பா? இன்ஜினியர் ஆவதற்குப் பிளஸ் டூ ஒன்றே வழி என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. பாலிடெக்னிக் என்றால், மார்க் வராத பிள்ளை போகிற இடம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. விவரம் தெரிந்த ஆசிரியர் இங்கே கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்.

பிளஸ் டூ 2 ஆண்டு, பி.இ. 4 ஆண்டு, மொத்தம் 6. பாலிடெக்னிக் டிப்ளமோ 3 ஆண்டு. அதை முடித்தவர் லேட்டரல் என்ட்ரி வழியாக நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதால் மேற்கொண்டு 3 ஆண்டு, அதுவும் 6. இரண்டு பிள்ளைகளும் ஒரே வயதில் பட்டம் வாங்குகிறார்கள்.

வித்தியாசம் நடுவழியில் இருக்கிறது. எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ எடுக்கும் மாணவியை வைத்துப் பார்க்கலாம். 18 வயதில், மோட்டாரைப் பிரித்து ஆராய்ந்த அனுபவமும் ஒரு சான்றிதழும் அவள் கையில் இருக்கும். வீட்டில் திடீரென்று பணமுடை வந்தால் அப்போதே தொழிற்சாலை வேலைக்குப் போகலாம். ரயில்வே ஜூனியர் இன்ஜினியர் தேர்வும் எழுதலாம், வயது வரம்பு வந்ததும். அதே வயதில் பிளஸ் டூ மாணவி பி.இ. முதலாண்டில் இருப்பாள். அவள் படிப்பு அங்கே நின்றுபோனால், தொழில் சார்ந்த சான்றிதழ் எதுவும் கையில் இருக்காது.

இந்த வழியின் குறைகளையும் சொல்லாமல் விட்டால் அந்தப் பேச்சு பாதிப் பேச்சுதான். லேட்டரல் என்ட்ரி தரவரிசை டிப்ளமோ மதிப்பெண்ணைக் கொண்டே தயாராகிறது. ஆகவே மூன்றாண்டும் அரியர் சேராமல் படிக்க வேண்டும். அதைவிடப் பெரிய தடை கணிதம். டிப்ளமோவில் பயிற்சிக்கூட வேலைக்கு இடம் அதிகம், கணிதத்துக்குக் குறைவு. பி.இ. இரண்டாம் ஆண்டிலோ, மற்ற மாணவர்கள் முதலாண்டிலேயே படித்துவிட்ட கணிதத்தின் மேல்தான் பாடம் தொடங்குகிறது. செய்முறையில் கெட்டிக்காரப் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். டிப்ளமோ கடைசி ஆண்டிலேயே பி.இ. முதலாண்டுக் கணிதப் புத்தகத்தை வாங்கிப் போட்டுப் பார்ப்பது நல்லது. பாதிக் கணக்கு புரியவில்லை என்றால் அந்த விடுமுறைக்குள் அதைச் சரிசெய்ய வேண்டும்.

மருத்துவத்தில் ஆசை உள்ள பிள்ளை இந்தப் பக்கம் வரக் கூடாது. நீட் எழுத உயிரியல் பாடத்துடன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும். டிப்ளமோ அதற்கு ஈடாகாது.

ஏற்கெனவே பிளஸ் டூ முடித்துவிட்டவர்களுக்கும் இந்த வாசல் திறந்தே இருக்கிறது. கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்களும், ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டுப் பயிற்சி முடித்தவர்களும் டிப்ளமோ இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம். பிளஸ் டூ படித்தவருக்கு டிப்ளமோ 2, பி.இ. 3 என்று கணக்கு 5 ஆண்டாகிறது, நேராக பி.இ. சேர்ந்தவரைவிட ஓராண்டு கூடுதல்.