ஒரே புரோக்கரிடம் வீட்டை ஒப்படைக்கும் முன்

சென்னையில் 80 லட்சம் ரூபாய் வீட்டை விற்க, ஒரே புரோக்கருக்கு மட்டும் உரிமை தருகிறீர்கள். கமிஷன் 2 சதவீதம் என்றால் 1,60,000 ரூபாய். அவர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவரானால் 18 சதவீத வரி, அதாவது 28,800 ரூபாய், இதற்கு மேல் சேரும். வரி உள்ளடக்கமா, தனியா என்று எழுதிக்கொள்ளுங்கள்.

எப்போது தருவது என்பது இன்னும் முக்கியம். வாங்குபவர் அட்வான்ஸ் கொடுத்த அன்றே கமிஷன் என்று எழுதியிருந்து, பிறகு அவருக்கு வங்கிக் கடன் கிடைக்காமல் போனால், விற்காத வீட்டுக்குக் கமிஷன் கொடுத்தவராவீர்கள். கிரயப் பத்திரம் பதிவாகும் நாளில் தருவதாக இருக்கட்டும். உங்கள் உறவினரே வாங்கினால் கமிஷன் உண்டா என்பதையும் எழுதிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் சண்டை பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

காலம் 90 நாள் போதும். தானாகப் புதுப்பிக்கும் வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். கெடு முடிந்த பிறகு அவர் காட்டிய ஆள் வாங்கினாலும் கமிஷன் கேட்பார், அது நியாயமே. ஆனால் அந்த உரிமை 60 நாளுக்கு மட்டும், அவர் எழுத்தில் கொடுத்த பெயர்ப் பட்டியலுக்கு மட்டும் என்று வரையறுங்கள்.

வேறு புரோக்கரிடம் போகமாட்டேன் என்று நீங்கள் வாக்களிப்பதற்கு ஈடு, அவருடைய உழைப்பு. 'விளம்பரம் செய்வார்' என்ற பொத்தாம்பொதுவான வரி போதாது. ஒரு வாரத்துக்குள் படங்களோடு எந்தத் தளங்களில் விளம்பரம், செலவு யாருடையது, வந்து பார்த்தவர்கள் யார் என்ற விவரம் 15 நாளுக்கு ஒருமுறை என்று எழுதுங்கள். தவறினால் ஏழு நாள் நோட்டீஸில் விலகும் உரிமையும் வேண்டும்.