இலவச டெலிவரிக்கு எவ்வளவு வாங்க வேண்டும்?

“இனி 4,000 ரூபாய்க்கு மேல் சரக்கு எடுத்தால்தான் டெலிவரி இலவசம்” என்று மொத்த வியாபாரி அறிவித்தால், மளிகைக் கடைக்காரருக்குக் கோபம் வருவது இயல்பு. அந்தத் தொகை எப்படி வருகிறது?

ஒரு கணக்குப் போடுவோம். டீசல், டிரைவர், லோடுமேன் கூலி எல்லாம் சேர்த்துக் குட்டியானை வண்டிக்கு நாளுக்கு 1,200 ரூபாய். 15 கடைகளில் இறக்கினால், கடைக்கு 80 ரூபாய். மொத்த வியாபாரிக்கு 4 சதவீதம் நிற்கிறது என்றால், 2,000 ரூபாய் பில்லில் கிடைக்கும் 80 ரூபாயும் வண்டிக்கே போய்விடும். 4,000 ரூபாயில்தான் பாதி மிஞ்சும். அதற்குக் குறைந்தால் 80 ரூபாய் வண்டி வாடகை.

அறிவிப்பில் மூன்று விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். தொகை, தள்ளுபடி கழித்து, ஜிஎஸ்டி சேர்க்கும் முன் உள்ளதா? காலையும் மாலையும் தனித்தனியாகச் சொன்ன ஆர்டர்கள் ஒன்றாகக் கணக்காகுமா? கேட்ட எண்ணெய் டின் ஸ்டாக்கில் இல்லாமல் பில் 3,700 ஆகக் குறைந்தால் வாடகை உண்டா? அது கடைக்காரர் தவறல்ல, வாங்கக் கூடாது.

ஆர்டர் எடுக்கும்போதே, “அண்ணாச்சி, இன்னும் 200 ரூபாய்க்குப் போட்டால் வாடகை இல்லை” என்று சொல்லிவிட வேண்டும். பில்லில் பார்த்துத் தெரிந்துகொண்டால்தான் சண்டை.