ஆகஸ்ட் 15-ல் பிறந்தவர் 14-க்குப் போவது ஏன்?

ஆன்லைன் விண்ணப்பத்தில் பிறந்த தேதியை 15-08-1990 என்று சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். சேமித்துவிட்டுத் திறந்து பார்த்தால் 14-08-1990 என்று இருக்கும். கை தவறிவிட்டதோ என்று நினைத்துத் திருத்துவீர்கள். மறுபடியும் 14. பிழை உங்கள் கையில் இல்லை, அந்தப் பக்கத்தை எழுதியவரின் ஒரே ஒரு வரியில் இருக்கிறது.

ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் வெறும் தேதியைக் குறிப்பதற்கென்று தனி வகை வெகுகாலம் இருக்கவில்லை. அங்கே `Date` என்பது ஒரு கணம். அதாவது, உலகம் முழுமைக்கும் பொதுவான யுடிசி நேரத்தில் 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லி விநாடி தள்ளியிருக்கிறது என்ற எண். அதனால் நீங்கள் 15 என்று தொட்டதும், அது "இந்தியாவில் ஆகஸ்ட் 15 நள்ளிரவு 12 மணி" என்ற கணமாகிவிடுகிறது. நம் நேரம் யுடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஆகவே அதே கணத்தில் யுடிசியில் இன்னும் 14-ஆம் தேதி மாலை 6.30 தான்.

```
const d = new Date(1990, 7, 15);
d.toISOString();
// "1990-08-14T18:30:00.000Z"
```

(மாதத்தை 0-விலிருந்து எண்ணுவதால் 7 என்பது ஆகஸ்ட்.) இதுவரை எதுவும் தப்பில்லை. இரண்டும் ஒரே கணம்தான். சர்வர் இதை வாங்கி, தேதி மட்டும் போதும் என்று முதல் பத்து எழுத்துகளை வெட்டி எடுத்துக்கொள்ளும்போதுதான் ஒரு நாள் தொலைகிறது. `toISOString` என்று யாரும் எழுதாமலேயேகூட இது நடக்கும். `JSON.stringify` வழியாகத் தரவை அனுப்பினால், அது உள்ளுக்குள் இதைத்தான் செய்கிறது.

எதிர்த்திசையிலும் ஒரு குழி உண்டு. `new Date("1990-08-15")` என்று எழுதினால், நேரம் இல்லாத தேதியை யுடிசி நள்ளிரவாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது மொழியின் விதி. சென்னையில் அது 15-ஆம் தேதி காலை 5.30. திரையில் 15 என்றே தெரியும், சோதித்தவரும் திருப்தியடைந்துவிடுவார். நியூஜெர்சியில் உள்ள ஒருவர் அதே பக்கத்தைத் திறந்தால், அங்கே கணக்கு 14-ஆம் தேதி இரவு 8 மணி. அவர் பார்ப்பது 14. இந்திய நேரத்தில் எவ்வளவு சோதித்தாலும் இந்தப் பிழை அகப்படாது. கணினியின் நேர மண்டலத்தை நியூயார்க்குக்கு மாற்றிவிட்டுச் சோதித்தால் உடனே தெரியும்.

முதலில் சொன்ன பிழை தெரிந்ததும் பலர் செய்கிற அவசர வைத்தியம், ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிடுவது. 1990-ல் பிறந்தவருக்கு அது சரியாக வரும். ஆனால் இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை, இந்தியாவில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டிருந்தது. யுடிசியோடு வித்தியாசம் ஆறரை மணி. பிரவுசர்கள் பயன்படுத்தும் நேர மண்டலப் பட்டியலில் இது பதிவாகியிருக்கிறது. 1944 ஜனவரி 15-ல் பிறந்த ஒரு முதியவரின் தேதி 14-ஆம் தேதி மாலை 5.30 ஆகப் போகும். ஐந்தரை மணியைக் கூட்டினால் இரவு 11. இன்னமும் 14 தான். ஓய்வூதியம் வாங்கும் வயதில் இருப்பவரின் பிறந்த தேதி ஆவணத்தோடு ஒத்துப்போகாவிட்டால் அலைச்சல் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. கூட்டிக் கழிப்பது தீர்வே அல்ல என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

பிறந்த தேதிக்கு நேர மண்டலம் கிடையாது. அதைக் கணமாக மாற்றவே கூடாது. `<input type="date">` தரும் மதிப்பே `1990-08-15` என்ற எழுத்துத் தொடர்தான். அதை அப்படியே அனுப்பி, டேட்டாபேஸில் `DATE` வகையில் வைத்து, திரும்பவும் எழுத்துத் தொடராகவே காட்டினால் போதும். சர்வரில் ஜாவா என்றால் `LocalDate` இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டிலும் இதற்கென்றே `Temporal.PlainDate` வந்திருக்கிறது. பணம் செலுத்திய நேரம் போன்ற உண்மையான கணங்களுக்கு மட்டும் யுடிசி வேண்டும்.

ஏற்கெனவே கெட்டுப்போன பதிவுகளையும் அடையாளம் காணலாம். டேட்டாபேஸில் பிறந்த தேதிகளுக்குப் பக்கத்தில் 18:30:00 என்ற நேரம் வரிசையாக இருந்தால், அவை இந்திய நள்ளிரவுகள். அந்தந்த நாளின் இந்திய நேரத்துக்கு மாற்றினால் சரியான தேதி கிடைத்துவிடும். நேரத்தை வெட்டி எறிந்திருந்தால் எது சரி, எது தவறு என்று பிரிக்க வழியில்லை. எனவே மென்பொருள் எழுதுபவர்கள் உங்கள் நிரலில் `toISOString().slice(0, 10)` எங்கெல்லாம் இருக்கிறது என்று இன்றே தேடிப் பாருங்கள். விண்ணப்பம் போடுபவர்கள் சேமித்த பிறகு ஒருமுறை திறந்து பிறந்த தேதியைச் சரிபாருங்கள்.