நோட்டீஸ் பீரியட் பைஅவுட்: எச்.ஆரிடம் கேட்க வேண்டியவை

இந்திய ஐ.டி. நிறுவனங்கள் பலவற்றில் நோட்டீஸ் பீரியட் 90 நாட்கள். புதிய நிறுவனம் 60 நாளில் சேரச் சொன்னால், மீதி 30 நாளுக்குப் பணம் கட்டி விடுபடுவதே பைஅவுட். பழைய நிறுவனத்தின் சம்மதம் பெரும்பாலும் இதற்குத் தேவை. பலர் இதைக் கவனிப்பதில்லை.

புதிய நிறுவனத்தின் எச்.ஆருக்கு அனுப்பும் மின்னஞ்சலில், சேர இயலும் தேதியையும் பேச வசதியான இரண்டு நேரங்களையும் குறிப்பிட்டு அழைப்பு கேட்கலாம். அழைப்பில் முக்கியமான கேள்வி, பைஅவுட் தொகையை எந்தச் சம்பளத்தின் அடிப்படையில் திருப்பித் தருவார்கள் என்பதுதான். மாத மொத்தச் சம்பளம் 80,000 ரூபாய், அடிப்படைச் சம்பளம் 40,000 என வைத்துக்கொள்வோம். பழைய நிறுவனம் மொத்தத்தைப் பிடித்து, புதியது அடிப்படையை மட்டும் தந்தால், 40,000 ரூபாய் கைநஷ்டம். பேசியதை மின்னஞ்சலில் உறுதிசெய்த பிறகே விலகல் கடிதம் கொடுப்பது பாதுகாப்பு.